ஹெட்டைச் சீவினால் மைலேஜ் எவ்வளவு கூடும்? ஒரு 97 சிசி கணக்கு

கம்பம், கூடலூர், லோயர் கேம்ப் பக்கத்து டூவீலர் பட்டறைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு பேச்சு இது: "அண்ணே, ஹெட்டை முக்கால் மில்லி சீவிப் போட்டுட்டா கம்ப்ரஷன் ஏறிரும். குமுளி மலையை டாப் கியர்ல ஏறலாம், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கூடவே தரும்." இதில் முதல் பாதி சரி, கம்ப்ரஷன் ஏறத்தான் செய்யும். பத்து கிலோமீட்டர்தான் இடிக்கிறது. அது ஏன் இடிக்கிறது என்பதை ஒரு தாளும் பேனாவும் இருந்தால் பத்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். பொறியியல் கல்லூரி இரண்டாம் ஆண்டில் படித்துவிட்டு மறந்துபோகும் ஏர் ஸ்டாண்டர்டு சைக்கிள் உருப்படியாகப் பயன்படும் இடம் இதுதான்.

நம் ஊரில் அதிகம் ஓடும் 100 சிசி வகை எஞ்சினையே எடுத்துக்கொள்வோம். போர் 50 மி.மீ., ஸ்ட்ரோக் 49.5 மி.மீ. பிஸ்டன் தலையின் பரப்பு 19.63 சதுர செ.மீ. அதை 4.95 செ.மீ. ஸ்ட்ரோக்கால் பெருக்கினால் 97.2 சிசி. பிஸ்டன் கீழிருந்து மேலே வரும்போது துடைத்துச் செல்லும் கொள்ளளவு இது. பிஸ்டன் உச்சிக்குப் போன பிறகும் ஹெட்டுக்கும் அதற்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சமிருக்கும். பெட்ரோல் எரிவது அந்த இடத்தில்தான். கம்ப்ரஷன் ரேஷியோ என்பது இந்த இரண்டு கொள்ளளவுகளை வைத்துப் போடும் கணக்கு, அவ்வளவுதான்:

```
r = (Vs + Vc) / Vc
Vs = 97.2 cc
r = 9  -> Vc = 97.2/8 = 12.15 cc
r = 10 -> Vc = 97.2/9 = 10.8 cc
```

ஒன்பதிலிருந்து பத்துக்குப் போக எரியும் அறையில் 1.35 சிசி குறைந்தால் போதும். ஒரு டீஸ்பூனில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. அதைப் பிஸ்டன் பரப்பால் வகுத்தால் உயரத்தில் 0.69 மி.மீ. பட்டறையில் சொல்லும் முக்கால் மில்லி சும்மா வாய்க்கு வந்த எண் இல்லை என்பது இங்கே தெரிகிறது. r ஒன்று கூட வேண்டுமானால் ஏறக்குறைய அவ்வளவு சீவத்தான் வேண்டும்.

இப்போது சைக்கிளுக்கு வருவோம். ஏர் ஸ்டாண்டர்டு என்றால் சிலிண்டருக்குள் பெட்ரோலும் இல்லை, புகையும் இல்லை, வெறும் காற்று மட்டும் இருக்கிறது என்று வைத்துக்கொள்வது. தீப்பொறிக்குப் பதிலாக, பிஸ்டன் உச்சியில் இருக்கும் அந்த நொடியில் வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வருகிறது. எக்ஸாஸ்ட் வால்வு திறப்பதற்குப் பதிலாக, பிஸ்டன் அடியில் இருக்கும்போது வெப்பம் வெளியே போகிறது. நடுவில் நடக்கும் அமுக்கத்திலும் விரிவிலும் சிலிண்டர் சுவர் வழியாக ஒரு துளி வெப்பம்கூடக் கசியாது. காற்றின் இரண்டு தன்வெப்பங்களின் விகிதமான γ 1.4 என்று மாறாமல் இருக்கிறது. இதெல்லாம் உண்மையில் நடக்காது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எது எதனால் மாறுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்க இதைவிடச் சுத்தமான கணக்கு கிடைக்காது.

காற்று 27 டிகிரியில், அதாவது 300 கெல்வினில் உள்ளே வருகிறது. ஒன்பது மடங்கு அமுக்கினால் வெப்பநிலை 9-இன் 0.4 அடுக்கு மடங்கு ஏறும். அந்த எண் 2.408. ஆக 722 கெல்வின், நம் கணக்கில் 449 டிகிரி. தீப்பொறி இன்னும் விழவில்லை, வெறும் அமுக்கத்திலேயே இவ்வளவு சூடு. இப்போது வெப்பம் கொடுத்து இன்னொரு 1500 டிகிரி ஏற்றுவோம். 2222 கெல்வின். பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்று அதே ஒன்பது மடங்கு விரிகிறது, வெப்பநிலை அதே 2.408-ஆல் வகுபடுகிறது. அடிக்கு வரும்போது 923 கெல்வின் இருக்கும். அது மறுபடி 300-க்கு இறங்க, 623 டிகிரிக்கான வெப்பத்தை வெளியே கொட்டியாக வேண்டும்.

1500 உள்ளே வந்தது, 623 வெளியே போனது. வீணானது 41.5 சதவீதம், வேலையாக மாறியது 58.5 சதவீதம்.

இந்தக் கணக்கைப் பாதி வெப்பத்தில் போட்டுப் பாருங்கள். 1500-க்குப் பதில் 750 டிகிரி மட்டும் ஏற்றினால் உச்சம் 1472 கெல்வின். விரிந்த பிறகு 611. வெளியே போவது 311. 750-இல் 311, அதே 41.5 சதவீதம். ஆக்சிலேட்டரை முறுக்கினாலும் மெதுவாக ஓட்டினாலும், லட்சியச் சுழற்சியில் வீணாகும் பங்கு மாறவே இல்லை. எவ்வளவு வெப்பம் கொடுத்தோம் என்பது கணக்கிலிருந்து அடிபட்டுப் போகிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் ஒரே எண்ணால்தான் பெருக்குகிறோம், வகுக்கிறோம் என்பதே காரணம். வேலையாக மாறும் பங்கை, அதாவது திறனை, η என்று எழுதினால் கடைசியில் மிஞ்சுவது இதுதான்:

```
η = 1 − 1 / r^(γ−1)

r = 9,  γ = 1.4  ->  0.585
r = 10, γ = 1.4  ->  0.602
```

இன்னொரு விதமாகச் சொன்னால், வீணாகும் பங்கு என்பது அமுக்குவதற்கு முன்பிருந்த வெப்பநிலையை அமுக்கிய பிறகுள்ள வெப்பநிலையால் வகுத்த எண். 300-ஐ 722-ஆல் வகுத்தால் அதே 41.5 வந்து நிற்கும்.

இங்கே பலர் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அதிகம் அமுக்கினால் பலம் கூடுகிறது, அதனால் மைலேஜ் வருகிறது என்று நினைப்பார்கள். அமுக்குவது செலவு, பிஸ்டன் அதற்கு வேலை கொடுத்துத்தான் ஆக வேண்டும். லாபம் வருவது விரிவில். எரிந்த வாயு எத்தனை மடங்கு விரிகிறதோ அத்தனைக்கு அதன் சூட்டை வேலையாகக் கறந்துவிடலாம், எக்ஸாஸ்ட் குளிர்ச்சியாக வெளியேறும். r பத்தாக இருந்தால் அதே 1500 டிகிரி ஏற்றத்துக்குக் கடைசி வெப்பநிலை 923-இலிருந்து 897 கெல்வினாக இறங்குகிறது. அந்த 26 டிகிரிதான் நாம் ஜெயித்தது. சாதாரண எஞ்சினில் அமுக்கமும் விரிவும் ஒரே பிஸ்டன், ஒரே ஸ்ட்ரோக் என்பதால் இரண்டுக்கும் ஒரே எண். ஹைபிரிட் கார்களில் இன்டேக் வால்வைத் தாமதமாக மூடி, உள்ளே வந்த காற்றில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, குறைவாக அமுக்கி அதிகமாக விரிய விடுவது இதைப் புரிந்துகொண்டு செய்யும் தந்திரம்.

சரி, நம் வண்டிக்கு வருவோம். 0.585-இலிருந்து 0.602. ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் 1.029. லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டி, மற்றதெல்லாம் அப்படியே இருந்தால், 61.8 தரும். இது கசிவும் உராய்வும் இல்லாத லட்சிய எஞ்சினில் கிடைக்கும் லாபம். சாலையில் அதுவும் முழுதாகக் கைக்கு வராது. பத்து கிலோமீட்டர் கூடியதாக யாராவது சத்தியம் செய்தால், ஹெட்டைக் கழற்றியபோது வால்வு லேப்பிங் செய்திருப்பார்கள், கார்பன் எடுத்திருப்பார்கள், பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியிருப்பார்கள். அந்த வேலைகளுக்குக் கிடைத்த பலன் சீவலின் கணக்கில் எழுதப்பட்டிருக்கும்.

எண் கூடக் கூட லாபம் சுருங்குவதையும் கவனிக்க வேண்டும். r நாலிலிருந்து ஆறுக்குப் போனால் 42.6 சதவீதம் 51.2 ஆகிறது, எட்டரைப் புள்ளி லாபம். பன்னிரண்டிலிருந்து பதினாலுக்குப் போனால் 63.0 என்பது 65.2 ஆகிறது, இரண்டு புள்ளி சொச்சம். 1876-இல் ஜெர்மனியின் நிக்கோலஸ் ஓட்டோ ஓடவிட்ட முதல் நாலு ஸ்ட்ரோக் எஞ்சினின் அமுக்க விகிதம் இரண்டரைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதற்கு லட்சியக் கணக்கே 31 சதவீதத்தைத் தாண்டாது. அங்கிருந்து ஒன்பது வரை வந்ததில் பெரும்பங்கு லாபத்தை ஏற்கெனவே அள்ளியாகிவிட்டது. நாம் இப்போது சுரண்டிக்கொண்டிருப்பது சட்டியின் அடியை.

சீவித்தான் ஆக வேண்டும் என்கிறவர்களுக்கு, முதலில் இருக்கும் r என்ன என்று அளந்துவிடுங்கள். மேனுவலில் போட்டிருப்பது புது எஞ்சினின் எண். வண்டியைச் சாய்த்து, பிளக் ஓட்டை செங்குத்தாக மேலே பார்க்கும்படி நிறுத்த வேண்டும். பிஸ்டன் கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில், இரண்டு வால்வும் மூடியிருக்க வேண்டும். மேக்னெட்டோவில் உள்ள டி குறியைப் பார்த்து நிறுத்தலாம். ஊசி மருந்துச் சிரிஞ்சில் மெல்லிய எஞ்சின் ஆயிலை எடுத்து, மெதுவாக, காற்றுக்குமிழ் நிற்காதபடி விட்டு, பிளக் ஓட்டையின் வாய் மட்டம் வரை நிரப்புங்கள். எத்தனை மில்லி போனது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஆயில் மட்டம் கண்ணெதிரே இறங்கினால் ரிங் வழியாகவோ வால்வு வழியாகவோ கசிகிறது என்று அர்த்தம். அந்த எஞ்சினுக்கு r-ஐப் பற்றி யோசிப்பதற்கு முன் வேறு வேலை இருக்கிறது. அளந்து முடித்ததும் ஆயிலை உறிஞ்சி எடுக்காமல் கிக்கரை உதைக்கக் கூடாது. ஆயில் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும்.

இதில் பெரும்பாலோர் விடும் பிழை பிளக் ஓட்டையைக் கழிக்க மறப்பது. 10 மி.மீ. பிளக், 12.7 மி.மீ. நீளத் திருகு. அந்தக் குழாய்க்குள் மட்டும் ஏறக்குறைய 1 மில்லி ஆயில் நிற்கும். பிளக்கைப் போட்டதும் அந்த இடம் அடைபட்டுவிடுமே, அதைக் கழித்தாக வேண்டும். 13.15 மில்லி போயிருந்தால் உண்மையான எரியும் அறை 12.15 தான். கழிக்காமல் விட்டால் r 8.4 என்று வரும். "கம்ப்ரஷன் குறைஞ்சு போச்சு" என்று பயந்து, நல்ல ஹெட்டை லேத்துக்கு அனுப்பிவிடுவார்கள்.

அடுத்தது, எங்கே சீவுகிறோம் என்பது. சிலிண்டர் பிளாக்கின் மேல் முகத்தைச் சீவினாலோ அடிப் பேக்கிங்கை மெலிதாக்கினாலோ, பிஸ்டனின் முழுப் பரப்புக்கும் உயரம் குறையும். 0.69 மி.மீ. கணக்கு அதற்குத்தான் பொருந்தும். ஹெட்டின் முகத்தைச் சீவும்போது குறைவது ஹெட்டிலுள்ள குழியின் வாய்ப் பரப்புக்கு மட்டும். குழியின் வாய் போரைவிடச் சிறியதாக, 14 சதுர செ.மீ. என்று இருந்தால், அதே 1.35 சிசிக்கு ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகச் சீவ வேண்டியிருக்கும். எப்படிச் சீவினாலும் வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளி சுருங்குகிறது. மேலே கேம்ஷாஃப்ட் உள்ள எஞ்சினில் இன்னொரு விஷயமும் நடக்கிறது. கேம் கிராங்குக்கு அருகே வருவதால் டைமிங் செயின் தளர்கிறது, டென்ஷனர் அந்தத் தளர்வை ஒரு பக்கமாக இழுத்துக்கொள்கிறது, வால்வு டைமிங் கிராங்க் கோணத்தில் இரண்டு மூன்று டிகிரி தாமதமாகிறது. ஆரம்ப இழுவை மந்தமானதாகத் தோன்றினால் இதுவும் ஒரு காரணம். பிஸ்டன் தலையில் சின்னக் களிமண் உருண்டையை வைத்து, ஹெட்டை மாட்டி, கையால் இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டுக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் தடிமனைப் பார்க்காமல் ஸ்டார்ட் செய்வது வால்வை வைத்துச் சூதாடுவது மாதிரி.

r-ஐ அளக்க கம்ப்ரஷன் கேஜ் உதவாதா என்று கேட்பார்கள். உதவாது. லட்சியக் கணக்கில் ஒன்பது மடங்கு அமுக்கினால் அழுத்தம் ஒன்பது மடங்கு ஏறுவதில்லை, 9-இன் 1.4 அடுக்கு, அதாவது 21.7 மடங்கு ஏறுகிறது. கேஜிலோ 11, 12 கிலோதான் காட்டும். பிஸ்டன் அடியைத் தாண்டி மேலே வரத் தொடங்கிய பிறகுதான் இன்டேக் வால்வு மூடுகிறது. கிக்கரில் சுற்றும் வேகத்தில் சூடு சுவருக்கு ஓடிவிடுகிறது, ரிங்கிலும் கொஞ்சம் கசிகிறது. கேஜ் சொல்வது ரிங், வால்வு ஆகியவற்றின் ஆரோக்கியத்தை.

மலைக்குப் போனால் இந்தக் குழப்பம் இன்னும் கூடும். கம்பம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 400 மீட்டர், குமுளி 900-க்குப் பக்கம், மூணாறு 1,500-க்கு மேல். மூணாறு உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதைவிட 16 சதவீதம் போலக் குறைவு. அதே வண்டியில் அதே கேஜை அங்கே வைத்தால் எண் இறங்கித்தான் காட்டும், இழுவையும் குறையும். ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறும் வண்டிக்காரர்கள் "மேல போனா கம்ப்ரஷன் போயிருது" என்பது இதைத்தான். அங்கே போய்விட்டது காற்று. r ஒரு கொள்ளளவு விகிதம், அது எந்த உயரத்திலும் ஒன்பதுதான். லட்சியத் திறனுக்கான வாய்பாட்டைத் திரும்பிப் பாருங்கள், உள்ளே வரும் காற்றின் அழுத்தத்துக்கு அதில் இடமே இல்லை. மலையில் ஒரு சுழற்சிக்குக் குறைந்த காற்று, குறைந்த பெட்ரோல், குறைந்த வேலை. ஆனால் எரிந்த பெட்ரோலில் வேலையாக மாறும் பங்கு அதேதான்.

இனி, 58.5 சதவீதம் எங்கே போகிறது என்ற கேள்வி. நல்ல நிலையிலுள்ள சின்ன எஞ்சின் சக்கரத்துக்குத் தருவது 25 முதல் 30 சதவீதம். பாதி காணாமல் போவதற்கு முதல் காரணம் காற்றே. 1.4 என்பது குளிர்ந்த காற்றுக்கான எண். இரண்டாயிரம் டிகிரிக்கு மேல் சூடாகும்போது வாயு மூலக்கூறுகள் வெப்பத்தை உள்ளுக்குள் விழுங்கிக்கொள்கின்றன, அந்த எண் 1.3-ஐ ஒட்டி இறங்கிவிடுகிறது. 1.3 போட்டால் r ஒன்பதுக்குத் திறன் 48.3 சதவீதம்தான். பத்துக்கு 49.9. எரிவு ஒரே கணத்தில் முடிவதில்லை, பிஸ்டன் இறங்கத் தொடங்கிய பிறகும் நீள்கிறது, தாமதமாக எரியும் பங்குக்கு விரிவு குறைவாகத்தான் கிடைக்கிறது. சுவருக்குப் போகும் சூடு, ரிங் உராய்வு, பாதி மூடிய த்ராட்டில் வழியாகக் காற்றை உறிஞ்சும் வேலை, எல்லாம் மீதியைத் தின்கின்றன.

அதிலும் சுவருக்குப் போகும் சூடு r-ஐ ஏற்றினால் கூடும். r ஒன்பதில் எரியும் அறையின் சராசரி உயரம் 6.2 மி.மீ., பத்தில் 5.5. வாயுவைச் சுற்றியுள்ள உலோகப் பரப்பு அவ்வளவு குறையாமல் கொள்ளளவு மட்டும் குறைகிறது. போர் சிறுத்த எஞ்சின்களுக்கு இந்த அடி கூடுதல்.

ஆனாலும் r-ஐப் பிடித்து நிறுத்துவது தட்டல், பட்டறை மொழியில் நாக்கிங். தீப்பொறியிலிருந்து கிளம்பிய சுவாலை அறையின் மூலைக்கு வந்துசேருவதற்குள், அங்கே அமுங்கிக் கிடக்கும் கலவை சூடு தாங்காமல் தானாகவே ஒரே அடியில் பற்றிக்கொள்ளும். லோயர் கேம்ப் தாண்டி முதல் வளைவுகளில் மூணாவது கியரில் முக்கி ஏறும்போது கேட்கும் "டிக் டிக்" என்ற சில்லறைச் சத்தம் அதுதான். மெதுவான சுற்று, முழு த்ராட்டில், சூடான எஞ்சின் மூன்றும் சேரும் இடம் அது. ஒரு கியர் இறக்கினால் சத்தம் நின்றுவிட்டால் சந்தேகமே வேண்டாம், நாக்கிங்தான். மேலே போகப் போகக் காற்று மெலிந்து குளிர்வதால் அதே வண்டி குமுளிக்கு அருகில் தட்டாமலும் போகலாம். விடாமல் தட்டினால் பிஸ்டன் விளிம்பு அரிக்கும், ஹெட் பேக்கிங் ஊதும். தட்டலை அடக்க இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளினால், எரிவு தாமதமாகி, சீவிச் சம்பாதித்த அந்த 3 சதவீதம் போன வழி தெரியாமல் போய்விடும்.

சீவாமலேயே r ஏறியிருக்கவும் வாய்ப்புண்டு. பிஸ்டன் தலையில் அரை மில்லிமீட்டர் கார்பன் படிந்தால் ஏறக்குறைய 1 சிசி இடம் போய்விடும், ஒன்பது என்பது 9.7 ஆகிவிடும். கார்பன் சூட்டைத் தேக்கி வைக்கவும் செய்யும். நாலைந்து வருடம் ஓடிய வண்டி திடீரென்று மலையில் தட்டத் தொடங்கினால், முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

கடைசியாக, பங்க்கில் இப்போது கிடைக்கும் இ20 பெட்ரோல். எத்தனால் ஒரு லிட்டருக்கு 21 மெகாஜூல் சொச்சம், பெட்ரோல் 32 போல. 10 சதவீதக் கலப்பிலிருந்து 20-க்குப் போனதில் ஒரு லிட்டரின் ஆற்றல் மூன்றரை சதவீதம் குறைகிறது. மறுபக்கம் எத்தனால் தட்டலை நன்றாகத் தாங்கும். பி.எஸ். 6 பெட்ரோலின் ஆக்டேன் எண் 91 என்றும், இ20-இல் அது 95 என்றும் ஒன்றிய அரசு 2025-இல் கொடுத்த விளக்கம் சொல்கிறது. r பத்து என்று வடிவமைத்த எஞ்சின் இந்தத் தாங்குசக்தியைப் பயன்படுத்திக்கொள்ளும், ஆற்றல் இழப்பில் பெரும்பகுதியைத் திறனில் திரும்பப் பெறும். ஒன்பதில் நிற்கும் பழைய வண்டிக்கு இழப்பு மட்டும்தான் மிச்சம், கூடுதல் ஆக்டேன் சும்மா எரிந்து போகிறது. சீவுவதற்கு ஒரு நியாயம் உண்டு என்றால் அது இந்த இடத்தில்தான். அப்போதும் பத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது, ஆயில் ஊற்றி அளந்து பார்த்த பத்து.